அப்பாவின் செவித்திறன் பரிசோதனைக்காக மகள் எழுதும் கடிதம்: முழுமையான வழிகாட்டி

கேட்கும் திறன் குறைந்துவரும் தந்தையிடம் அதைப் பற்றி நேரில் பேசுவது கடினம். அவருக்கு எட்டவேண்டும் என்று மகள் குரலை உயர்த்துவாள். உயர்ந்த குரல் எவர் காதிலும் கோபமாகத்தான் விழும். போதாக்குறைக்கு அவர் பாதி வார்த்தைகளைத் தவறவிட்டு, மீதியிலிருந்து ஒரு பொருளை ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்துக்குப் பதில் சொல்வார். கடிதத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு வார்த்தையும் தவறாது. அவர் தனியாக இருந்து, திரும்பத் திரும்பப் படித்து, முகத்தை யாருக்கும் காட்டாமல் யோசிக்கலாம். வயது காரணமாக இரு காதுகளிலும் மெல்ல மெல்லக் கேட்கும் திறன் குறைந்துவரும் தந்தைக்கு, வளர்ந்த மகள் அத்தகைய கடிதத்தை எப்படி எழுதுவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகள்

எழுத உட்காரும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஓரிரு நாட்களுக்குள் ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டது என்றால் அது அவசர நிலை. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள்காதில் ஏற்படும் இத்தகைய திடீர் இழப்புக்குத் தரப்படும் ஸ்டீராய்டு சிகிச்சை, தொடங்கும் நாள் தள்ளிப்போகப் போகப் பலன் குறையும். காதில் வலி, சீழ் அல்லது இரத்தக் கசிவு, தலைசுற்றல், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல், ஒரு காது மட்டும் தெளிவாகப் பின்தங்குவது ஆகியவற்றிலும் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை. இவை எதுவும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் படிப்படியாக மாறிவந்திருக்கிறது என்றால் கடிதத்துக்கு நேரம் உண்டு. அதை அவசரமின்றி நன்றாக எழுதலாம்.

முதல் படி: என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

குற்றம் சாட்டாமல் எழுதுவது என்றால் சொற்களுக்குத் தேன் தடவுவது என்று பலர் நினைக்கிறார்கள். அடக்கிவைத்த எரிச்சல் எப்படியும் ஏதாவதொரு வரியில் எட்டிப்பார்த்துவிடும். காதுக்குள் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால், அடக்குவதற்கான எரிச்சலே பெரும்பாலும் மிஞ்சாது. ஆகவே மற்றப் படிகளைவிட இதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

உள்காதில் ஒலியை நரம்புக்கு மாற்றித்தரும் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. வயதாகும்போது அவை அழிகின்றன. மனிதர்களில் அவை மீண்டும் வளர்வதில்லை. இந்த இழப்பு எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கீச்சான, உயர்ந்த சுருதிகளே முதலில் போகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியிலும் பலமாகவும் இருக்கிறது. ச, த, க, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் ஓசையோ பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், மிக மெலிதாக இருக்கிறது. ஆகவே அப்பாவுக்கு யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசினார்கள் என்பதுதான் விளங்காது. “கதை” என்றாலும் “கடை” என்றாலும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுபோல விழும். அச்சில் பாதி எழுத்துகள் மங்கிப்போன நாளிதழைப் படிப்பது போன்ற நிலை அது. தாளைக் கண்ணருகே கொண்டுவந்தாலும் மங்கிய எழுத்து மங்கியதுதான். கத்திப் பேசுவதும் அப்படியே. கத்தும்போது ஏற்கெனவே கேட்கும் உயிரோசைதான் இன்னும் பலக்கிறது. பாதிக்கப்பட்ட காதுக்கு உரத்த ஒலி சட்டென்று தாங்க முடியாத அளவாகிவிடுவதும் உண்டு. “காது கேட்கவில்லை” என்று தோன்றும் அதே மனிதர் “ஏன் கத்துகிறாய்?” என்று கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

மகள்களைப் பொறுத்தவரை இதில் வருத்தமான ஒரு பகுதி உண்டு. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் ஆண்களின் குரலைவிடச் சுருதி கூடியவை. அதனால் “உன் அண்ணன் பேசுவது நன்றாகப் புரிகிறது, நீதான் வாய்க்குள்ளேயே பேசுகிறாய்” என்று அப்பா சொல்லக்கூடும். அவர் பாரபட்சம் பார்ப்பதாக எண்ணி மகள் மனம் புண்படுவாள். அவர் தமது காதில் விழுவதை உள்ளபடி சொல்கிறார் என்பதே உண்மை. தொலைபேசியில் இது இன்னும் மோசமாகும். பழைய முறைத் தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகின்றன. மெய்யெழுத்துகளின் மேல்பகுதி அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். உதடுகளைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. தொலைபேசியைத் தவிர்க்கும் தந்தை பெரும்பாலும் மகளைத் தவிர்க்கவில்லை.

இரண்டாம் படி: கவனித்து எழுதிவைத்தல்

கடிதத்துக்கு இரண்டு நிகழ்வுகள் போதும். ஆனால் அவை உண்மையானவையாக, இடமும் சூழலும் தெளிவாக உள்ளவையாக இருக்க வேண்டும். எங்கே நடந்தது, பேசியவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார், முகம் தெரிந்ததா, பின்னணியில் மின்விசிறியோ தொலைக்காட்சியோ ஓடியதா, எத்தனை பேர் சேர்ந்து பேசினார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கேட்ட தருணங்களையும் சேர்த்து எழுதுங்கள். பின்னர் பரிசோதிப்பவர் கேட்கும் முதல் கேள்விகளே இவைதான் என்பதால் இந்தக் குறிப்பு இருமுறை உதவும்.

எந்த நிகழ்வைக் கடிதத்தில் சேர்ப்பது என்பதில் என் எண்ணம் உறுதியானது: எல்லோரும் சிரித்த நிகழ்வைச் சேர்க்கக் கூடாது. அவர் ஒன்றைக் கேட்டு வேறொன்றுக்குப் பதில் சொன்ன கதை, வீட்டில் எவ்வளவு பாசத்தோடு சொல்லப்பட்டாலும், எழுத்தில் அவருடைய அவமானத்தின் பதிவாகிவிடும். அவர் எதை இழந்தார், நீங்கள் எதை இழந்தீர்கள் என்று காட்டும் நிகழ்வே பொருத்தமானது. கூட்டத்தின் நடுவே அவர் எழுந்துபோய்த் தனியே உட்கார்ந்தது அத்தகையது. உங்களோடு பேசும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியதும் அத்தகையதே.

மூன்றாம் படி: ஒரே ஒரு வேண்டுகோள்

கடிதத்தின் வேண்டுகோள் பரிசோதனையோடு நின்றுவிட வேண்டும். காது கேட்கும் கருவி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பல தந்தைகள் பரிசோதனையை மறுப்பதற்குக் காரணம், அந்த அறைக்குள் போனால் காதில் கருவியோடுதான் வெளியே வர வேண்டியிருக்கும் என்ற அச்சம். இரண்டையும் பிரித்துக் காட்டினால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியது மிகச் சிறிய காரியமாகிவிடுகிறது. இதில் தந்திரம் எதுவும் இல்லை: காரணம் காதுக்குரும்பி அடைப்பாகவோ நடுக்காதுக் கோளாறாகவோ இருந்தால் தீர்வு வேறு; எந்தத் தீர்வு என்பதைச் சோதனைக்கு முன் யாராலும் சொல்ல முடியாது. அதே காரணத்தால் “ஒன்றும் இருக்காது, வெறும் அழுக்காகத்தான் இருக்கும்” என்று வாக்குறுதி அளிப்பதும் தவறு. அப்படி இல்லாமல் போனால் அடுத்த கடிதத்தை அவர் நம்ப மாட்டார்.

அவரை அசைப்பதற்காக மறதி நோயைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். நடு வயதில் ஏற்படும் செவித்திறன் குறைவுக்கும் பிற்கால மறதி நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் 70 முதல் 84 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், காது கேட்கும் கருவி அணிவித்து மூன்றாண்டுகள் கவனித்தபோது, அறிவாற்றல் சரிவில் மொத்தக் குழுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டுமே அந்தச் சரிவு குறைந்தது. இவ்வளவு நுணுக்கமான ஒன்றை ஒரே வரியில் சொன்னால் அது மிரட்டலாகத்தான் முடியும். அச்சுறுத்தப்பட்ட மனிதர் பரிசோதனையைத் தள்ளிப்போடவே செய்வார்.

நான்காம் படி: வரிகளை அமைத்தல்

வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். “நீங்கள் கவனிப்பதில்லை”, “நீங்கள் எப்போதும் சத்தமாக வைக்கிறீர்கள்” என்ற வாக்கியங்களில் குற்றவாளியாக நிற்பவர் அப்பா. “என் குரல் உங்களை வந்து சேரவில்லை” என்பதில் நிற்பது குரல். நடந்தது ஒன்றே என்றாலும் பின்னது உண்மைக்கும் நெருக்கமானது. “எப்போதும்”, “எத்தனை முறை” போன்ற சொற்களை நீக்கிவிடுங்கள். “அம்மாவும் சொல்கிறார்கள்” என்று சாட்சி சேர்க்காதீர்கள். அந்த வரியைப் படித்த கணமே, வீட்டில் தம்மைப் பற்றிப் பின்னால் பேசியிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியும். வேறொரு உறவினரோடு ஒப்பிடுவதும் அப்படிப்பட்டதே.

பரிசோதனை எப்படி நடக்கும் என்பதைக் கடிதத்திலேயே விளக்குவது மிகவும் பயன்தரும். தெரியாத அறை என்பதாலேயே தயங்குபவர்கள் பலர். முதலில் சிறு விளக்கொளியில் காதுக்குள் பார்ப்பார்கள். பிறகு ஒலி புகாத சிறு அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, வெவ்வேறு சுருதிகளில் மெல்லிய ஒலிகளை எழுப்புவார்கள். கேட்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலி கேட்டால் 10 டெசிபல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுவார்கள். இப்படி ஏற்றி இறக்கித்தான் ஒவ்வொரு சுருதியிலும் எல்லையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே மிக நல்ல காது உடையவருக்கும் பல ஒலிகள் கேட்காமல்தான் போகும். இதைத் தெரியாமல் உள்ளே போகும் முதியவர், தேர்வில் தோற்றுக்கொண்டிருப்பதாக எண்ணி, கேட்காத ஒலிக்கும் பொத்தானை அழுத்திவிடுவார், முடிவு பிழையாகிவிடும். அடுத்து, காதின் பின்புற எலும்பில் சிறு அதிர்வியை வைத்துச் சோதிப்பார்கள். வெளிக்காது, நடுக்காது ஆகியவற்றின் வழியே தடை இருக்கிறதா, உள்காதிலேயே குறையா என்பது இதில் தெரியும். சொற்களை ஒலிக்கச்செய்து திருப்பிச் சொல்லச் சொல்வதும் உண்டு. ஊசியோ வலியோ எதுவும் இல்லை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு கடிதம், முழு வடிவில்

வெளியூரில் வசிக்கும் மகள் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 68. அமைதியான அறையில் நேருக்கு நேர் நன்றாகப் பேசுகிறார்; தொலைபேசியில் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்; விருந்தினர் கூடினால் ஒதுங்கிவிடுகிறார். அவள் எழுதுவது இப்படி அமையலாம்:

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற முறை நான் வந்திருந்தபோது, ஒரு பிற்பகலில் நாம் இருவரும் தனியாக உட்கார்ந்து, உங்கள் முதல் வேலையைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான் அதுவரை அறியாத பல செய்திகளை அன்று சொன்னீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு உங்களைத் தொலைபேசியில் அழைத்து மீதியைக் கேட்க ஆசைப்பட்டேன். ஆனால் தொலைபேசியில் நம் பேச்சு நலம் விசாரிப்பதோடு முடிந்துவிடுகிறது. “அம்மாவிடம் கொடுக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறீர்கள். அன்று மாலை விருந்தினர்கள் வந்தபோதும், பேச்சு களைகட்டிய வேளையில் நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். அப்போது நீங்கள் அருகில் இல்லாதது எனக்குக் குறையாக இருந்தது.

என் பேச்சு தெளிவாக இல்லை என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள், அப்பா. அதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். வயது ஏறும்போது பலருக்கு உயர்ந்த சுருதிகள் முதலில் குறையுமாம். அப்போது குரல் கேட்கும், சொற்கள் மட்டும் மழுங்கிவிடும்; பெண்களின் குரலிலும் தொலைபேசியிலும் கூட்டத்திலும் அது கூடுதலாகத் தெரியும் என்கிறார்கள். நீங்கள் சொன்னதோடு இது அப்படியே பொருந்துகிறது. உங்களுக்கும் அதுதான் என்று நான் முடிவுகட்டவில்லை; காதில் குரும்பி அடைத்திருந்தாலும் கேட்பது மழுங்கும். எது காரணம் என்று தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை இருக்கிறது. அதை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் கேட்பது.

பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. அமைதியான அறையில் உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்து, கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நல்ல காது உள்ளவருக்கும் சில ஒலிகள் கேட்காமல் போகும்படிதான் அது நடக்குமாம். ஆகையால் சில ஒலிகள் கேட்காமல் போவதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. முடிவு கைக்கு வந்த பிறகு என்ன செய்வது, ஏதாவது செய்வதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். அதில் நான் குறுக்கிட மாட்டேன்.

அடுத்த மாதம் நான் நான்கு நாட்கள் அங்கே இருப்பேன். உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் நேரம் குறித்துவைக்கிறேன். நானும் இதுவரை என் காதைச் சோதித்ததில்லை. அன்றே நானும் செய்துகொள்ளப் போகிறேன். நீங்கள் தனியாகப் போய்வர விரும்பினாலும் சரிதான்.

உங்கள் முதல் வேலையின் மீதிக் கதை பாக்கி இருக்கிறது, அப்பா.

உங்கள் அன்பு மகள்

இதில் “சோதனை” என்ற பேச்சு மூன்றாம் பத்தியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன் வருவது நல்ல பிற்பகல் ஒன்றும், அதன் தொடர்ச்சி அறுந்துபோனதும். அப்பாவின் புகார் கடிதத்தில் சான்றாக மாறியிருப்பது இன்னும் முக்கியம். “நீ தெளிவாகப் பேசு” என்று அவர் மறுக்கக்கூடிய இடத்தை, அவரோடு உடன்பட்டே கடிதம் கடந்துவிடுகிறது. தானும் சோதித்துக்கொள்வதாக மகள் சொல்வது வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. இன்றைய அளவு பதிவாகியிருந்தால், பின்னாளில் ஏற்படும் மாற்றத்தை அதனோடு ஒப்பிடலாம். ஆகவே அவளுக்கும் அது பயனுள்ளதே.

ஐந்தாம் படி: கொடுப்பதும் காத்திருப்பதும்

கையால், சற்றுப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிறந்தநாள், குடும்ப விழா ஆகியவற்றின் நடுவிலோ, கேட்பது தொடர்பாக ஒரு சச்சரவு நடந்த அன்றோ கொடுக்காதீர்கள். குடும்பத்தினர் அனைவரும் உள்ள செய்திக் குழுவில் அதைப் பகிர்வது கடிதத்தையே கெடுத்துவிடும். கொடுத்த பிறகு, படித்தீர்களா என்று மறுநாளே கேட்காமல் ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள்.

“எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது” என்ற பதில் வந்தால், அது பெருமளவு உண்மை என்பதை நினைவில் வையுங்கள். அமைதியான அறையில், முகம் பார்த்துப் பேசும் ஒருவரோடு, அவருக்கு உண்மையிலேயே கேட்கிறது. “ஆமாம் அப்பா, நாம் தனியாகப் பேசும்போது நன்றாகத்தான் கேட்கிறது, தொலைபேசியில் மட்டும் எப்படி என்று பார்ப்போமே” என்று வேண்டுகோளைச் சுருக்கலாம். “இந்த வயதில் இதெல்லாம் சகஜம்” என்றால் அதையும் மறுக்க வேண்டாம். சகஜமானதையும் அளந்து பார்க்கலாம் என்பதோடு நிறுத்துங்கள். பதிலே வராவிட்டால், சில மாதங்கள் கழித்து, பழைய கடிதத்தைக் குறிப்பிடாமல், புதிய நிகழ்வு ஒன்றோடு இன்னொரு சிறு கடிதம் எழுதலாம். இடைப்பட்ட காலத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவர் பெயரைச் சொல்லி அழைத்து, அதாவது “அப்பா” என்று கவனத்தைத் திருப்பியபின், அருகில் சென்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள், தொலைபேசிக்குப் பதில் காணொளி அழைப்பைப் பயன்படுத்துங்கள். உதடுகள் தெரிவதாலேயே பல சொற்கள் தெளிவாகிவிடும்.

பரிசோதனை நாளில்

அவர் ஒப்புக்கொண்டால், முந்தைய நாளிலிருந்து உரத்த இரைச்சலைத் தவிர்ப்பது நல்லது. இரைச்சலுக்குப் பின் காது தற்காலிகமாக மந்தப்படும். குச்சியோ பஞ்சோ விட்டுக் காதைச் சுத்தம் செய்ய வேண்டாம். குரும்பியை அது உள்ளே தள்ளிவிடும். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுசெல்லுங்கள். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் சில புற்றுநோய் மருந்துகளும் உள்காதைப் பாதிப்பவை. சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனை அவர் பேசி வளர்ந்த மொழியில் நடக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள், இல்லையேல் காதின் குறையும் மொழியின் குறையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

பரிசோதிப்பவர் கேள்வி கேட்கும்போது அப்பாவே பதில் சொல்லட்டும். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்றால், அதைக் கவனிப்பதும் அங்கே வேலையின் ஒரு பகுதி; மகள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அது மறைந்துவிடும். முடிவில் தரப்படும் வரைபடத்துக்கு ஆடியோகிராம் என்று பெயர். அதில் வலக்காது பெரும்பாலும் சிவப்பு வட்டமாகவும் இடக்காது நீலப் பெருக்கல் குறியாகவும் குறிக்கப்படும். கோடு கீழே இறங்க இறங்கக் குறைவு கூடுதல் என்று பொருள். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குக் குறைவானது இயல்பு, 20 முதல் 35-க்குள் லேசான குறைவு, 35 முதல் 50-க்குள் மிதமான குறைவு. இந்த எண்கள் நல்லது கெட்டது பார்க்கும் மதிப்பெண்கள் அல்ல என்று பரிசோதிப்பவரே விளக்கினால் நன்று. அப்படி அவர் விளக்காவிட்டால், அவரிடம் கேட்கும்படி அப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த வரைபடத்தின் நகலை வாங்கி, அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள்.